சீனிக் குளிசை, காஸ் குளிசை, பி12: லாப்பில நிண்டவன் சொல்லுறன், கேளுங்கோ

முதலே சொல்லிப்போடுறன், நான் டொக்டர் இல்லை. வன்னியில முப்பது வருசத்துக்கு மேல லாப்பில ரத்தம் பாத்தவன், இப்ப பென்சன். மருந்தைக் கூட்டுறது குறைக்கிறது உங்கட டொக்டரோட கதைக்கிற விசயம். ரிப்போட்டில என்ன எழுதிக் கிடக்கு, அதில எதை ஆக்கள் பாக்காம விடுகினம் எண்டதுதான் என்ர பகுதி. சீனிக் குளிசை மெட்போமினையும் காஸ் குளிசை ஒமிபிரசோலையும் கனகாலம் போட்டா உடம்பில விற்றமின் பி12 குறையலாம் எண்டு நான் சொன்னதுக்கு ஆக்கள் கேட்ட கேள்விகள்தான் கீழ கிடக்கு.

விசுவமடு அண்ணை ஒராள்: பத்து வருசமா மெட்போமின் போடுறன். ரத்த ரிப்போட்டில எல்லாம் நோர்மல் எண்டுதான் சொல்லுகினம். பிறகேன் பி12 பி12 எண்டு பயப்படுத்துறியள்?

அண்ணை, உந்த "நோர்மல்" எண்ட சொல்லாலதான் என்ர சொந்த அத்தான் ரண்டு வருசம் இழுபட்டவர். அதையே சொல்லுறன், கொஞ்சம் நீளும்.

அவர் வயல்காரன். 2013ல சீனி பிடிச்சு மெட்போமின் துவங்கி, பிறகு நாளுக்கு 2 கிராம் மட்டும் போனது. 2017ல நெஞ்செரிவு எண்டு ஒமிபிரசோல் 20 குடுத்தவை, ஒரு மாசத்துக்கெண்டு குடுத்தது, ஆரும் நிப்பாட்டச் சொல்லேல்லை, அவரும் நிப்பாட்டேல்லை. போன வருசத்துக்கு முதல் வருசம் ஒரு நாள் வீட்டுக்குப் போனா, மனிசன் முற்றத்தில ஒரு கால் செருப்போட நிக்கிறார், மற்றது படலையடியில கிடக்கு. கழண்டது அவருக்குத் தெரியேல்லை! கேட்டா, "சீனியால கால் விறைப்புத்தானே, கிளினிக்கிலயும் அப்பிடித்தான் சொன்னவை" எண்டார். அக்கா சொன்னா, கிணத்தடியில முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினா ஆள் ஒரு பக்கம் சரியுறாராம். அதைக் கேட்ட உடனதான் எனக்கு நெஞ்சு திக்கெண்டது. காலில உணர்வு இல்லாதவனுக்கு கண்தான் ஊண்டுகோல், கண்ணை மூடினா விழுவான். சீனியாலயும் அப்பிடி வரலாம், பி12 குறைஞ்சாலும் வரும், பாத்தவுடன பிரிக்கேலாது.

பழைய ரிப்போட் எங்க எண்டன். 2009ல எல்லாத்தையும் விட்டிட்டு வெறுங்கையோட வந்த சனம், அதுக்குப் பிறகு ஒரு துண்டும் எறியாதுகள். அக்கா ஷொப்பிங் பையோட தூக்கித் தந்தா. நான் பாத்தது ஒரே ஒரு வரி, எம்.சி.வி. செங்குழியம் சராசரியா என்ன பருமன் எண்டு சொல்லுற வரி. 2015ல 83. 2018ல 87. 2021ல 92. 2023ல 97. துண்டில போட்டிருக்கிற எல்லை 80 இல இருந்து 100. அப்ப நாலு துண்டிலயும் ஒரு "H" கூட விழாது, விழவும் இல்லை. ஹீமோகுளோபினும் 14.1 இல இருந்து 13க்குத்தான் வந்தது, ஆரும் அதைப் பாத்துப் பதறமாட்டினம். தனித்தனியாப் பாத்தா நாலும் நோர்மல்தான். ஒரே ஆளின்ர குழியம் எட்டு வருசமா வீங்கிக்கொண்டு வருது எண்டது நாலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சாத்தான் தெரியும்.

அவரின்ர ரத்தத்தில நானே ஒரு சிலைட் போட்டு நுணுக்குக்காட்டியில வைச்சன். நியூட்ரோபில் எண்ட வெண்குழியத்தின்ர கருவில வழமையா மூண்டு நாலு துண்டுதான் இருக்கும். நூறு எண்ணினன், ஒம்பதில அஞ்சு துண்டு, ஒண்டில ஆறு. நூறில அஞ்சுக்கு மேல அப்பிடி வந்தாலே நாங்கள் நிமிர்ந்து இருப்பம், ஆறு துண்டு ஒண்டு கண்டாலும் காணும். பி12க்கு அனுப்பினம், 142 வந்தது. 200க்குக் கீழ எண்டாலே குறைவு.

டொக்டர் ஊசி துவங்கினார், ஹைட்ரொக்சோகோபலமின் 1000 மைக்குரோகிராம், நரம்பில பிடிச்சிட்டுது எண்டபடியா முதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள். நாலு மாசத்தில எம்.சி.வி 86. முகம் கழுவேக்க இப்ப சரியுறதில்லை. ஆனா இடது கால் பெருவிரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கு, அது இனி வருமோ தெரியாது.

மாங்குளம் தங்கச்சி: ரண்டு குளிசையும் ஏன் பி12ஐக் குறைக்குது? ரண்டும் ஒரே மாதிரியோ?

இல்லை பிள்ளை, ரண்டும் வேற வேற இடத்தில. மீன் இறைச்சியில இருக்கிற பி12 புரதத்தோட ஒட்டிக்கொண்டு இருக்கும், அதைப் பிரிச்செடுக்க இரைப்பையில அமிலம் வேணும். ஒமிபிரசோல் அமிலத்தை அடக்கிப்போடும், அப்ப பி12 பிரியாமலே கீழ போகுது. மெட்போமின் வேலை செய்யிறது சிறுகுடலின்ர கடைசிப் பகுதியில, அங்க பி12 உள்ள போறதுக்கு கல்சியத்தின்ர உதவி வேணும், அதில கை வைக்குது எண்டுதான் சொல்லுகினம். ஈரலில வருசக்கணக்குக்குக் காணக்கூடிய சேமிப்பு இருக்கிறபடியா உடன தெரியாது. மெட்போமின் எண்டா நாலைஞ்சு வருசம், அதுவும் கூடின டோஸ் எண்டா, யோசிக்கவேணும். காஸ் குளிசை ரண்டு வருசத்துக்கு மேல எண்டா யோசிக்கவேணும். ரண்டும் சேர்த்துப் போடுற ஆக்கள்தான் எங்கட ஊரில கனக்க.

முல்லைத்தீவு தம்பி: அண்ணை நான் கடல் தொழில், மூண்டு நேரமும் மீன்தான். மெட்போமின் போட்டாலும் எனக்கு வராதுதானே?

சேமிப்புக் கூட இருக்கும், அதால பிந்தி வரும். வராது எண்டு எழுதித் தர ஏலாது. சட்டியில எவ்வளவு இருந்தாலும் அகப்பையில ஓட்டை எண்டா என்ன செய்யிறது.

முருங்கன் வாசகர்: உதுக்கெல்லாம் ஊசி மருந்து தேவையில்லை. பழஞ்சோத்தில பி12 நிறைய இருக்கு, எங்கட முன்னோர் அதாலதான் திடமா இருந்தவை. என்ர அம்மம்மா 92 வயசு மட்டும் காலமை பழஞ்சோறுதான்.

உங்கட அம்மம்மா மெட்போமின் போட்டவவோ? பழஞ்சோறு எனக்கும் விருப்பம், சின்ன வெங்காயமும் தயிரும் விட்டுப் பிசைஞ்சா சொல்லி வேலையில்லை. ஆனா அதை பி12க்கு நம்பாதேங்கோ. பி12ஐ செய்யிறது சில வகைக் கிருமிகள் மட்டும்தான், சோத்துப் பானையில புளிக்க வைக்கிற எல்லாம் அதைச் செய்யாது. பி12 மாதிரித் தோற்றம் காட்டி, உடம்புக்கு உதவாத சாமானும் இருக்கு, அதையும் சேர்த்து எண்ணின கணக்குகள்தான் இப்பிடிப் பரவுது.

அதுக்கு ஒரு நேர்ஸ் அக்கா: முருங்கன்காரர் சொல்லுறதில கொஞ்சம் உண்மை இருக்கு, தயிரில பி12 இருக்குத்தானே. ஆனா ஒண்டு, ரத்தம் குறைஞ்சாத்தானே பி12 குறைவு எண்டு சொல்லலாம்? ஹீமோகுளோபின் 13 உள்ளவருக்கு ஏன் ஊசி போட்டவை?

அக்கா முதலாவது சரி, தயிரில இருக்கு, பாலிலயும் முட்டையிலயும் இருக்கு. ரண்டாவது பிழை, இந்தப் பிழையாலதான் சனம் நடக்கேலாமல் போகுது. ரத்தம் நல்லா இருக்கேக்கையே நரம்பு பழுதாகலாம். அதிலயும் போலிக் அசிட் குளிசை விழுங்கினா ரத்தம் நேராகி வரும், நரம்பு அப்பிடியே பழுதாகிக்கொண்டு போகும். ரத்தம் ஏறிட்டுது எண்டு எல்லாரும் சந்தோசமா இருப்பினம்.

முருங்கன் வாசகர்: நீங்கள் எல்லாம் மருந்துக் கொம்பனிக்காரற்ர ஆக்கள்.

சரி. பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டே ஒருக்கா பி12 செக் பண்ணிப்பாருங்கோ, 400 வந்தா இஞ்ச வந்து எனக்குப் பேசுங்கோ. இதோட பழஞ்சோத்துக் கதை முடிஞ்சுது, அடுத்த ஆள்.

புதுக்குடியிருப்பு அக்கா: அம்மா 12 வருசமா மெட்போமின், எம்.சி.வி 81தான். அப்ப பயமில்லையே?

அக்கா அம்மாவுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கோ? இரும்பு குறைஞ்சா குழியம் சிறுக்கும், பி12 குறைஞ்சா பெருக்கும், ரண்டும் ஒண்டா வந்தா சராசரி நடுவில வந்து நிக்கும், பாக்க வடிவா இருக்கும். தலசீமியா கூறு எண்டு பரம்பரையாக் குழியம் சின்னனா இருக்கிற ஆக்களுக்கும் இதே கதை. அப்ப பக்கத்து வரியில ஆர்.டி.டபிள்யூ எண்டு ஒண்டு இருக்கும், குழியங்கள் எவ்வளவு பெரிசு சின்னனாக் கலந்திருக்கு எண்டு காட்டுறது. 15, 16 எண்டு ஏறியிருந்தா 81ஐ நம்பாதேங்கோ.

ஒட்டுசுட்டான் தம்பி: அப்பாக்கு எம்.சி.வி 90 ஆ இருந்தது ஒரே மாசத்தில 101. உடன ஊசி போடட்டோ?

பொறுங்கோ. பி12 அப்பிடிப் பாயாது, அது ஊர்ந்து வாறது. ரத்தம் எப்ப எடுத்தது, எப்ப மெசினில வைச்சது? ஊதா மூடிப் போத்தில் ஒரு நாளுக்கு மேல வெளியில கிடந்தா குழியம் ஊதிப்போகும், எங்கட வெய்யிலுக்கு இன்னும் கெதியா. வெள்ளிக்கிழமை எடுத்து பஸ்ஸில அனுப்பி திங்கள் பாத்த ரத்தங்கள் எத்தினையை நான் திருப்பி அனுப்பினனான். புதுசா எடுத்து அண்டைக்கே பாருங்கோ. அப்பவும் 101 எண்டா, அப்பா குடிக்கிறவரோ எண்டதையும் டொக்டரிட்ட மறைக்காமல் சொல்லுங்கோ, சாராயத்தாலயும் குழியம் பெருக்கும். தைரொயிட், ஈரலும் பாக்கவேணும்.

முழங்காவில் வாசகர்: அப்ப நான் மெட்போமினை நிப்பாட்டவோ?

வேண்டாம். சீனி ஏறும். பி12ஐப் போட்டுக்கொண்டு மெட்போமினும் போடலாம்.

இன்னொராள்: ஒமிபிரசோலை நிப்பாட்டலாமோ?

தேவையோ எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ. நீங்களா ஒரேயடியா விட்டா அமிலம் முந்தினதை விடக் கூடப் பொங்கும், பிறகு காஸ் எண்டு ஓடுவியள்.

இன்னொராள்: நான் பி கொம்பிளக்ஸ் போடுறன், சலம் மஞ்சளாப் போகுது, அப்ப பி12 காணும்தானே?

மஞ்சள் பி2 ஆல வாறது. மட்டையைத் திருப்பிப் பாருங்கோ, கனக்கக் குளிசையில பி12 இல்லவே இல்லை, இருந்தாலும் சொட்டு. வாயால எடுக்கிறதெண்டா டொக்டர்மார் எழுதுறது 1000 மைக்குரோகிராம், அவ்வளவு போட்டாத்தான் நூறில ஒரு பங்கு எண்டாலும் தானாக் கசிஞ்சு உள்ள போகும்.

வவுனியா தங்கச்சி: எனக்கு பி12 248, மெட்போமின் ஆறு வருசம், எம்.சி.வி 89. ஊசி வேணுமோ?

மதில் மேல் பூனை. 200க்கும் 300க்கும் இடையில அந்த ஒரு நம்பரை வைச்சு ஆருமே உறுதியாச் சொல்லமாட்டினம். சில டொக்டர்மார் உடன துவங்குவினம், சிலர் மீதைல்மலோனிக் அசிட் எண்ட இன்னொரு டெஸ்ட் கேப்பினம், அது எல்லா லாப்பிலயும் இல்லை. உங்கட பழைய எம்.சி.வி என்ன? அதை எழுதுங்கோ முதல்ல.

முழங்காவில் இன்னொராள்: மெட்போமின் நிப்பாட்டவோ ஐயா?

மேல வாசியுங்கோ தம்பி.

மல்லாவி வாசகி: மாமியின்ர பையைக் கிண்டினன். 2014ல 82, 2019ல 88, இந்த வருசம் 95. மாமி செருப்பு கழருது எண்டு சொல்லுறவ, நாங்கள் வயசு எண்டு விட்டிட்டம். நாளைக்கு தெரிஞ்ச ஆள் ஒராள் வீட்ட வந்து பி12 ஊசி போடுறன் எண்டவர்.

நாளைக்கு ஊசி வேண்டாம் பிள்ளை. முதல்ல ரத்தம் எடுங்கோ, பிறகு ஊசி. ஊசி போட்டிட்டு எடுத்தா நம்பர் வானத்துக்குப் போகும், இருந்ததோ இல்லையோ எண்டு பிறகு கண்டுபிடிக்கேலாது. அதுக்காகக் கிழமைக்கணக்கா இழுக்கவும் வேண்டாம், ரத்தம் எடுத்த அண்டைக்கே கூட டொக்டர் ஊசியைத் துவங்கலாம். மூண்டு துண்டையும் தேதி வரிசையில ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சு எம்.சி.வி வரியில பேனையால ஒரு வட்டம் போட்டுக்கொண்டு போங்கோ. கிளினிக்கில நூறு பேர் வரிசை, டொக்டருக்கு அரை நிமிசம்தான் இருக்கும், வாயால சொல்லுறதைவிட வட்டம் கெதியாத் தெரியும். போக முதல் மாமியைச் சுவர்க்கரையில காலைச் சேத்து நிக்கச் சொல்லி, நீங்கள் பக்கத்தில பிடிக்க ரெடியா நிண்டுகொண்டு, கண்ணை மூடச் சொல்லுங்கோ. சரிஞ்சா அதையும் சொல்லுங்கோ.