உணவகக் கணக்குத் தலைப்புகள்: எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது?

கேள்வி: சின்ன உணவகம் ஒன்றைத் திறக்கப் போகிறேன். வாங்கிய கணக்கு மென்பொருளில் ஏற்கெனவே ஏகப்பட்ட தலைப்புகள் இருக்கின்றன. பாதி எனக்குப் புரியவில்லை, எனக்கு வேண்டிய சில அதில் இல்லை. மாதக் கடைசியில் அறிக்கையைப் பார்த்தால் பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். தலைப்புகளை எப்படி அமைப்பது?

பதில்: மென்பொருளோடு வரும் பட்டியல் எந்தத் தொழிலுக்கும் பொருந்தட்டும் என்று போட்டது. அதில் 'விற்பனை' ஒரே வரியாக இருக்கும். 'கொள்முதல்' ஒரு வரி, 'சம்பளம்' ஒரு வரி. அலுவலகச் செலவு மட்டும் எழுதுபொருள், தபால், சந்தா என்று இருபது வரியாக நீளும். உணவகத்துக்கு இது தலைகீழ். உங்கள் பணத்தில் பெரும்பங்கு போவது சமையலறைச் சரக்குக்கும் ஆட்களுக்கும்தான். அங்கேதான் தலைப்புகள் விரிய வேண்டும், மற்றதெல்லாம் சுருங்கலாம்.

அதனால் பட்டியலை மேலிருந்து கீழாக எழுத வேண்டாம். மாதக் கடைசியில் எந்தெந்தக் கூட்டுத்தொகைகள் வேண்டும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். உணவு விற்பனையில் உணவுச் சரக்குச் செலவு எத்தனை சதவீதம்? பானத்தில் எத்தனை? சரக்கும் சம்பளமும் சேர்ந்து மொத்த விற்பனையில் எத்தனை? கமிஷனும் டப்பாவும் போக டெலிவரியில் என்ன மிஞ்சுகிறது? இந்த நாலு கேள்விக்கும் கால்குலேட்டர் இல்லாமல் அறிக்கையே பதில் சொல்ல வேண்டும். அதற்கேற்ற எலும்புக்கூடு இது:

```
4100 உணவு விற்பனை
   4110 கடையில்
   4120 டெலிவரி
4200 பான விற்பனை
4900 தள்ளுபடி, திருப்பிக் கொடுத்தது (கழிவு)
5100 உணவுச் சரக்குச் செலவு
5200 பானச் சரக்குச் செலவு
6100 சமையலறைச் சம்பளம்
6200 பரிமாறுவோர் சம்பளம்
6300 நிறுவனத்தின் பங்களிப்பு, ஊழியர் சலுகை
7100 டெலிவரி கமிஷன்
7150 பார்சல் டப்பா, பை
7200 கார்டு கட்டணம்
```

4100-க்கு 5100, 4200-க்கு 5200 என்று எண்கள் ஜோடியாக நிற்பதைக் கவனியுங்கள். விற்பனையை எப்படிப் பிரிக்கிறீர்களோ அப்படியே சரக்குச் செலவையும் பிரிக்க வேண்டும். பான விற்பனையைத் தனியாக எழுதிவிட்டு, பானச் சரக்கை உணவோடு கலந்து எழுதினால் இரண்டு சதவீதமும் பயனற்றுப் போகும். பானத்தில் சரக்குச் செலவு பொதுவாகக் குறைவு, உணவில் அதிகம். மொத்தச் சரக்கை மொத்த விற்பனையோடு ஒப்பிட்டால், பானம் நன்றாக விற்ற மாதத்தில் சமையலறை திறமையாக ஓடியதுபோலத் தெரியும்.

டெலிவரியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் அதைத் தனியாகப் பிரித்திருக்கிறேன், சரக்குப் பக்கத்தில் பிரிக்கவில்லை. ஒரே பாத்திரத்தில் சமைத்தது மேசைக்கும் போகிறது, டப்பாவுக்கும் போகிறது. எவ்வளவு எங்கே போனது என்று கொள்முதல் பில்லை வைத்து யாரும் பிரிக்க முடியாது. பிரித்தால் அது ஊகம். டெலிவரிக்கென்றே ஆகும் செலவுகள் கமிஷனும் டப்பாவும்தான், அவற்றுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது. டப்பாவை உணவுச் சரக்கோடு போடுபவர்கள் நிறைய. போட்டால், டெலிவரி கூடக் கூட சமையலறை வீணடிப்பதுபோல அறிக்கை காட்டும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடமும் டெலிவரிதான். ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விற்பனை வரியை விட்டுவிட்டு. கடையில் உணவு விற்பனை 60,000, டெலிவரி 20,000, பானம் 20,000. மொத்தம் 1,00,000. டெலிவரி ஆப் 25 சதவீதம் கமிஷன் பிடித்துக்கொண்டு 15,000 வங்கியில் போடுகிறது. வங்கியில் வந்ததை அப்படியே விற்பனை என்று எழுதுவதுதான் கைக்கு எளிது. எழுதினால் என்ன ஆகிறது? உணவுச் சரக்குச் செலவு 26,400 என்றால், உண்மையில் அது 80,000-ல் 33 சதவீதம். அறிக்கையோ 75,000-ல் 35.2 சதவீதம் என்று காட்டும். அடுத்த மாதம் டெலிவரி இரட்டிப்பானால் இந்த இடைவெளி இன்னும் கூடும். சமையல்காரர் மேல் சந்தேகம் வரும், அளவைக் குறைக்கச் சொல்வீர்கள். அவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார். 5,000 கமிஷனோ அறிக்கையில் எங்குமே தெரியாது.

சரியான வழி: 1250 என்று ஒரு சொத்துத் தலைப்பு வைத்து, 'டெலிவரி ஆப்பிடமிருந்து வர வேண்டியது' என்று பெயரிடுங்கள். ஆர்டர் மதிப்பு 20,000-ஐ 1250-ல் பற்று, 4120-ல் வரவு. கமிஷன் 5,000-ஐ 7100-ல் பற்று, 1250-ல் வரவு. வங்கிக்கு வந்த 15,000-ஐ வங்கியில் பற்று, 1250-ல் வரவு. இப்போது 1250-ன் இருப்பு பூஜ்யம். மாதக் கடைசியில் பூஜ்யமாக இல்லாவிட்டால், மீதித் தொகை இன்னும் வராத சில நாள் விற்பனையாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஆப் ஏதோ கூடுதலாகப் பிடித்திருக்கிறது, அல்லது உங்கள் பக்கம் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. கார்டு வசூலுக்கும் இதே மாதிரி இன்னொரு தலைப்பு போதும். தினமும் கடை மூடியதும் பில்லிங் மெஷின் தரும் நாள் அறிக்கையைப் பார்த்து ஒரே பதிவு போடுங்கள், ஒவ்வொரு பில்லாக வேண்டாம்.

அந்த நாள் அறிக்கையில் வரும் எல்லாமே உங்கள் வருமானம் அல்ல. வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரி அரசுடையது, கார்டு வழியாக வந்த டிப்ஸ் ஊழியருடையது, முன்பணமும் பரிசுக் கார்டும் இன்னும் பரிமாறாத சாப்பாட்டுக்கு உரியவை. மூன்றுக்கும் 2-ல் தொடங்கும் பொறுப்புத் தலைப்புகள் வேண்டும். இவை 4-ல் நுழைந்துவிட்டால் விற்பனை ஊதிப்போய், எல்லாச் சதவீதமும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். கல்லாவில் கூடக் குறைய இருக்கும் சில்லறைக்கும் ஒரு தலைப்பு வையுங்கள். தொகை சின்னதுதான். ஆனால் அது எப்போதும் குறைவுப் பக்கமே சாய்ந்தால், யாரிடம் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி 26,400 எப்படி வந்தது என்று பார்க்கலாம். 5100-ஐ வெறும் கொள்முதல் தலைப்பாக விட்டுவிட்டால் அது செலவைக் காட்டாது, எப்போது வாங்கினீர்கள் என்பதைத்தான் காட்டும். மாதத் தொடக்கத்தில் இருப்பு 6,000, வாங்கியது 27,400, கடைசி நாள் இரவு எண்ணியதில் மிச்சம் 7,000. ஆக, செலவானது 26,400. எண்ணாமல் விட்டிருந்தால் 27,400, அதாவது 34 சதவீதத்துக்குச் சற்று மேல். இங்கே வித்தியாசம் சின்னது. மாதக் கடைசியில் எண்ணெயும் தானியமும் மொத்தமாக வாங்கினால் அது பல மடங்காகும். மறு மாதம் காரணமே இல்லாமல் சதவீதம் கீழே விழும். ஒரு மாதம் மேலே, மறு மாதம் கீழே என்று ஆடினால் சமையலறையைத் தேடாதீர்கள், இருப்பு எண்ணியதைப் பாருங்கள். இருப்புக்கு 1300 என்று தலைப்பு வைத்து, மாதக் கடைசியில் ஒரு திருத்தப் பதிவு போட்டால் போதும்.

இப்போது சரக்கையும் ஆட்களையும் சேர்த்துப் பார்ப்போம். பானச் சரக்கு 4,400 என்றால் மொத்தச் சரக்கு 30,800. சமையலறைச் சம்பளம் 15,000, பரிமாறுவோர் 11,000, பங்களிப்பும் சலுகையும் 4,000, ஆக 30,000. இரண்டும் சேர்ந்து 60,800, விற்பனையில் 60.8 சதவீதம். உணவகத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். மேசையில் பரிமாறும் உணவகங்களுக்கு 60 முதல் 65 என்று பரவலாகச் சொல்வார்கள், கடைக்குக் கடை மாறும். 5-ம் 6-ம் அடுத்தடுத்து நிற்பதற்குக் காரணமே இந்த உபமொத்தம்தான். பொதுப் பட்டியல்களில் சம்பளம் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவே கிடக்கும். அப்போது இதைக் கையால்தான் கூட்ட வேண்டும், கூட்ட மாட்டீர்கள்.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. முதலாளியே அடுப்படியில் நின்று, சம்பளம் எடுக்காமல், அவ்வப்போது கல்லாவிலிருந்து எடுத்து 3-ல் தொடங்கும் மூலதனப் பிரிவில் 'எடுப்பு' தலைப்பில் எழுதினால், இந்தச் சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அந்த லாபம் உங்கள் உழைப்பின் கூலி. வரிக்காக எப்படிக் காட்ட வேண்டும் என்பது வேறு கதை, அதை உங்கள் கணக்காளர் சொல்வார். உங்கள் பார்வைக்காகவாவது, அந்த இடத்தில் ஒரு ஆளை வைத்தால் என்ன ஆகும் என்று அறிக்கைக்குக் கீழே ஒரு வரி எழுதி வையுங்கள்.

எதைப் பிரிக்கக் கூடாது என்பதும் முக்கியம். சப்ளையர் ஒவ்வொருவருக்கும் ஒரு செலவுத் தலைப்பு, மெனுவில் உள்ள ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு விற்பனைத் தலைப்பு என்று தொடங்குபவர்களைப் பார்க்கிறேன். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை சப்ளையர் பேரேடு சொல்லும். எந்தப் பண்டம் எத்தனை போனது என்பதை பில்லிங் மெஷின் சொல்லும். இறைச்சி, காய்கறி, மளிகை என்று 5100-க்குள் மூன்று நாலு உட்தலைப்பு வைப்பதில் தப்பில்லை, ஒரே பில்லில் எல்லாம் கலந்து வரவில்லை என்றால் மட்டும். கலந்து வரும் பில்லைப் பிரித்து எழுதுபவர் பத்து நாளில் சலித்துப்போய் எல்லாவற்றையும் மளிகையில் போட்டுவிடுவார். 'இதர செலவு' இருக்கட்டும். ஆனால் அது விற்பனையில் 1 சதவீதத்தைத் தாண்டினால் திறந்து பார்த்து உரிய இடத்துக்கு மாற்றுங்கள்.

கடை திறப்பதற்கு முன் ஆன செலவை முதல் மாதத்தில் கொட்டாதீர்கள். அடுப்பும் குளிர்பெட்டியும் சொத்து. திரும்பி வரும் வாடகை முன்பணமும் சொத்து. ஆட்களுக்குக் கொடுத்த பயிற்சிக் காலச் சம்பளம், சோதனைச் சமையல், திறப்பு விளம்பரம் ஆகியவற்றுக்கு 9100 என்று ஒரு தலைப்பு, அறிக்கையின் அடியில். அப்போதுதான் முதல் மாதத்து 5-ம் 6-ம் ஏழாம் மாதத்தோடு ஒப்பிட உதவும்.

எண்களை இடைவெளி விட்டுக் கொடுங்கள், நடுவில் சேர்க்க இடம் இருக்கும். பிரிப்பதா வேண்டாமா என்று மனம் ஊசலாடும் தலைப்பை இப்போதே பிரித்துவிடுங்கள். பிறகு இரண்டை ஒன்றாக்குவது பெரும்பாலான மென்பொருளில் ஒரு நிமிட வேலை. ஒன்றை இரண்டாக்க வேண்டுமென்றால் பழைய பில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும்.