ஊமைப் பேனல்

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடமாக எலக்ட்ரீஷியன். அடுத்த மாதம் எங்கள் ப்ளோ ரூம் ரிலே பேனலைக் கழற்றிவிட்டு, மிஷினை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டரான பிஎல்சி வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் பக்கமே போனதில்லை. இனி எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். நான் மெயின்டனன்ஸில் இருந்த காலத்து மில். அங்கேயும் ஒரு பெரியவர் இருந்தார். ப்ளோ ரூமில் முதலில் ஃபேன், அப்புறம் பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டர், கடைசியில் பஞ்சு ஊட்டும் ஃபீட் என்று வரிசையாக ஓட வேண்டும். மாறி ஓடினால் பஞ்சு அடைத்துக்கொள்ளும். இந்த வரிசையைப் பேனலின் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார் அவர். மூன்றாவது 'டக்' வரவில்லையா, பீட்டர் டைமர்தான் என்று பார்க்காமலேயே சொல்லிவிடுவார்.

பிஎல்சி வந்த அன்று கதவைத் திறந்து ரொம்ப நேரம் நின்றார். "என்ர பேனல் பேசும் தம்பி, இது ஊமையா நிக்குது" என்றார். மோட்டாருக்குக் கரன்ட் விடும் கான்டாக்டர்களும் ஓவர்லோடு ரிலேக்களும் அப்படியே இருந்தன. போனவை டைமர்களும், நடுவில் கணக்குப் பார்த்த குட்டி ரிலேக்களும்தான்.

புரோகிராம் போட வந்த பையன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். பெரியவர் குனிந்து பார்த்தார். "இது நம்ம டிராயிங்தானே?" அது லேடர், ரிலே டிராயிங் மாதிரியே ஏணிப் படிகளாக வரையும் புரோகிராம். 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ரிலேக்களுக்கு மாற்று கேட்டபோது பிறந்தது பிஎல்சி. ரிலே டிராயிங் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குப் புரிய வேண்டும் என்றுதான் அதற்கு லேடரை வைத்தார்கள்.

ஸ்டாப் பட்டனைப் படத்தில் மூடிய கான்டாக்டின் குறியான `-|/|-` என்று போட்டிருந்தான் பையன். பழைய டிராயிங்கிலும் ஸ்டாப் அப்படித்தான் இருக்கும். பெரியவர் தலையாட்டினார். அமுக்கினால் நின்றது, எல்லோருக்கும் திருப்தி. அவருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பஞ்சு விடாமல் ஃபேனை மட்டும் ஓட்டச் சொல்லிவிட்டு, டெர்மினலில் ஸ்டாப் பட்டனின் 24 வோல்ட் வயரைக் கழற்றினார். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டாப்பை அமுக்கினார். அப்போதும் ஓடியது.

"என்ர பேனல்ல வயர் அறுந்தா மிஷின் நின்னுரும். இதுல நிக்க மாட்டேங்குதே. எவனாச்சும் கை மாட்டிக்கிட்டா?"

பையன் முகம் வெளுத்துவிட்டது. அவன் ஸ்டாப்புக்கு என்ஓ பட்டன் மாட்டியிருந்தான். அமுக்கினால்தான் உள்ளே கரன்ட் வரும். வயர் அறுந்தால் அது வரவே வராது. பிஎல்சியைப் பொறுத்தவரை யாரும் அமுக்கவில்லை. பட்டனை, அமுக்காதபோது மூடியிருக்கும் என்சியாக மாற்றினார்கள். உடனே புரோகிராமும் மாற வேண்டியதாயிற்று:

```
|    START       STOP       |
|---| |----+----| |----(FAN)|
|    FAN   |                |
|---| |----+                |
```

"பட்டன் மூடியிருக்குது, படத்துல திறந்து காட்டறயே?" என்று மடக்கினார் பெரியவர். பையன் சொன்ன பதில்தான் நீங்களும் பிடித்துக்கொள்ள வேண்டியது: "அய்யா, அந்தக் குறி பட்டனோட படம் இல்லீங்க. இந்த இன்புட்ல இப்ப கரன்ட் இருக்கான்னு பிஎல்சி கேக்கற கேள்வி." என்சி பட்டன் சும்மா இருக்கும்போது கரன்ட் இருக்கும், பதில் 'ஆமாம்', ஃபேன் ஓடும். அமுக்கினாலும் வயர் அறுந்தாலும் பதில் 'இல்லை', ஃபேன் நிற்கும். இதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு மத்தியானம் ஆனது. உங்களுக்கும் அவ்வளவுதான் ஆகும் என்பது என் கணிப்பு.

அவர் அத்தோடு விடவில்லை. சிவப்பு எமர்ஜென்சி பட்டன் பிஎல்சியை நம்பி இருக்கக்கூடாது, கான்டாக்டர் காயில்களின் சப்ளையையே நேராக அறுக்க வேண்டும் என்று நின்று வயர் இழுக்க வைத்தார். உங்கள் மில்லில் வேலை முடித்துத் தரும்போது இந்த இரண்டையும் நீங்களே சோதித்துப் பாருங்கள். எந்த இன்புட் எந்த ஸ்விட்ச் என்ற பட்டியலையும், புரோகிராமின் ஒரு காப்பியையும் கேட்டு வாங்கி வையுங்கள். காப்பி இல்லாத மில்லில் பிஎல்சி போனால் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சில வாரம் கழித்து நைட் ஷிப்டில் ஃபீட் நின்றுபோனது. பெரியவர் கதவைத் திறந்தார். இப்போது காதுக்கு வேலையில்லை, விளக்குகளைப் பார்த்தார். இன்புட் விளக்கு எரிந்து அவுட்புட் எரியாவிட்டால் புரோகிராமில் ஏதோ நிபந்தனை நிறைவேறவில்லை. அவுட்புட் எரிந்தும் கான்டாக்டர் இழுக்காவிட்டால் காயில் பக்கம் கோளாறு. அன்றைக்கு X5 இன்புட்டே எரியவில்லை, ஆக கோளாறு வெளியே. பட்டியலில் X5 பீட்டர் மூடியின் லிமிட் ஸ்விட்ச். போய்ப் பார்த்தால் லீவருக்கடியில் பஞ்சு திரண்டு கிடந்தது. வழித்து எறிந்துவிட்டு, "ஊமையில்ல தம்பி, கண்ணால பேசுது" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.