ஜிமெயிலுக்கு கஸ்டமர் கேர் நம்பர் கிடையாது

கேள்வி: போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. புது போன் வாங்கி, அதே எண்ணுக்குப் புது சிம்மும் போட்டேன். ஜிமெயில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, கூகுள் அனுப்பும் கோடும் வரவில்லை. இப்போதைக்கு மனைவியின் ஜிமெயிலைப் போட்டு போனை ஓட்டுகிறேன். மறுநாள் ‘ஜிமெயில் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசினேன். எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொல்லி, அதில் தெரிந்த எண்ணைக் கேட்டார், சொன்னேன். 10 ரூபாய் கட்ட லிங்க் அனுப்பினார். டெபிட் கார்டு விவரம் போட்டதும் வந்த ஓடிபி செய்தியில் 19,999 என்று இருந்தது. பயந்து போனை வைத்துவிட்டேன். ஓடிபியை நான் சொல்லவில்லை. பணம் போகாது அல்லவா? கூகுளின் உண்மையான நம்பர் எது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஓடிபியை நீங்கள் சொல்லவில்லை, சரி. ஆனால் அவர் அதைப் பார்த்திருப்பார். எனிடெஸ்க்கில் தெரியும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணைக் கொடுத்து, திரையில் வந்த அனுமதிக்கு ஓகே அழுத்திய பிறகு, உங்கள் போனில் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். மேலே எட்டிப்பார்த்து மறையும் குறுஞ்செய்திகூடத் தப்பாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் வெட்டியது பேச்சை மட்டும்தான். எனிடெஸ்க் இணைப்பு தனியாக ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

அதனால் இதைப் படித்த கையோடு போனின் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அணைத்துவிட்டு, அந்த ஆப்பை நீக்குங்கள். பிறகு வீட்டிலுள்ள வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசுங்கள். எண் உங்கள் டெபிட் கார்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். அதை மட்டும் பாருங்கள், மறுபடி தேடிப் பார்க்க வேண்டாம். கார்டை நிரந்தரமாக முடக்கிப் புதிது கேளுங்கள். 19,999 போகவில்லை என்றாலும் முடக்கத்தான் வேண்டும். கார்டு எண், காலாவதி தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. வெளிநாட்டு இணையதளங்கள் பல ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும். அந்த அழைப்பின்போது யுபிஐ பின் எங்காவது அடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். போனில் இருப்பது மனைவியின் ஜிமெயில் என்பதால் அதன் பாஸ்வேர்டையும் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கியிலும் எழுத்து மூலமாகச் சொல்லுங்கள். நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் தானே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போன பணம் அவருடைய நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே புகார் எண்ணையும் சொன்ன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1930 பல நேரம் பிஸியாகத்தான் இருக்கும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவது நிமிடக் கணக்கில் நடக்கிறது, புகார் கேட்கும் இடத்தில் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறார்கள். இதை மாற்ற யாருக்கும் அவசரமில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். லைன் கிடைக்கும் வரை சும்மா இருக்காமல் cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்துவிடுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. உண்மையான நம்பர் என்று ஒன்று கிடையாது. சாதாரண இலவச ஜிமெயில் கணக்கைத் திறந்து தர கூகுள் எந்தத் தொலைபேசி எண்ணும் வைத்திருக்கவில்லை. இந்த மோசடி முழுவதும் நிற்பதே இந்த வெற்றிடத்தில்தான். எத்தனையோ பேர் தினமும் கணக்கைத் தொலைத்துவிட்டு ஒரு மனிதக் குரலுக்காகத் தேடுகிறார்கள். நிறுவனம் அந்தக் குரலைத் தருவதில்லை, அந்த இடத்தில் திருடன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். ‘எங்களுக்குத் தொலைபேசி உதவி இல்லை’ என்று தேடல் பக்கத்தின் தலையிலேயே பெரிதாக எழுதிவைத்தால் பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள்.

‘முதலில் வந்த எண் எப்படிப் பொய்யாகும்?’ என்று நீங்கள் நினைக்கலாம். வெளியார் ‘டெக் சப்போர்ட்’ விளம்பரங்களுக்கு 2018-இலேயே கூகுள் கட்டுப்பாடு போட்டது. அதன்பின் இவர்கள் வேறு வாசல் பிடித்தார்கள். யாரோ ஒரு கல்லூரியின் இணையதளத்தில் கோப்பு ஏற்றும் வசதி பூட்டில்லாமல் கிடக்கும். அங்கே ‘ஜிமெயில் ஹெல்ப்லைன்’ என்று தலைப்பிட்டு, எண்ணைப் பத்து முறை எழுதி ஒரு பிடிஎஃப் ஏற்றிவிடுவார்கள். தேடுபொறி கல்லூரியின் பெயரை நம்பி மேலே தூக்கிவிடும். ஏற்றியது யார் என்று அது பார்ப்பதில்லை. மேப்பிலும் இதே கதை. ஒரு கடைக்கோ வங்கிக் கிளைக்கோ உள்ள எண்ணை ‘திருத்தம் சொல்லுங்கள்’ என்று யார் வேண்டுமானாலும் மாற்றச் சொல்லலாம். 2018-இல் மகாராஷ்டிரத்தில் பாங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் எண்களை இப்படி மாற்றி, அழைத்தவர்களிடம் பணம் கறந்தார்கள். எண் 1800-இல் தொடங்குகிறதா, ட்ரூகாலரில் ‘கூகுள் கஸ்டமர் கேர்’ என்று பெயர் வருகிறதா என்று பார்த்தும் பயனில்லை. அந்தப் பெயரும் ஊரார் சேர்ப்பதுதான். எண் எங்கே கிடைத்தது என்பதை மட்டும் பாருங்கள். கார்டின் பின்புறத்தில், பாஸ்புக்கில், நிறுவனத்தின் சொந்த ஆப்புக்குள் கிடைத்தால் நம்பலாம். தேடலில் கிடைத்தால் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் திருடர்கள் அதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். கூகுள் பே வேறு, ஜிமெயில் வேறு. கூகுள் பே பணப் பரிவர்த்தனை ஆப் என்பதால் இந்தியாவில் அதற்குத் தொலைபேசி உதவி இருக்கிறது. அதனால் ‘கூகுளுக்கு நம்பரே இல்லை என்றார்கள், ஆனால் என் மச்சான் பேசினாரே’ என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, கூகுள் பேவுக்குப் பேசியிருப்பார். பணம் போய்ச் சேரவில்லை, இரண்டு முறை பிடித்துவிட்டது என்பது போன்ற குறைகளை அங்கே கேட்கலாம். ஜிமெயில் பாஸ்வேர்டை அவர்கள் திறந்து தர மாட்டார்கள். அந்த எண்ணையும் கூகுள் பே ஆப்பைத் திறந்து, உதவிப் பகுதிக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும். ‘நாங்கள் கூகுள் பே பிரிவுதான், ஜிமெயிலையும் நாங்களே பார்க்கிறோம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் இரண்டுமே இல்லை. எங்கிருந்து பேசினாலும், எனிடெஸ்க்கோ அதுபோன்ற வேறு ஆப்போ போடச் சொல்கிற நொடியில் வைத்துவிடலாம்.

சரி, கணக்கை எப்படி மீட்பது? உங்களுக்கு கோட் வராமல் போனதற்குக் காரணம் அநேகமாக அந்தப் புது சிம்தான். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராமல் நிறுத்தி வைப்பது இங்கே விதி. உங்கள் எண்ணில் வேறு யாராவது சிம் வாங்கிவிட்டால், அவர்கள் உடனே ஓடிபி வாங்கிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிம் கொடுக்கும் கடையில் இதை வாய்திறந்து சொல்பவர் குறைவு. மறுநாள் வங்கி ஓடிபி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தத் தடை நீங்கிவிட்டது, கூகுள் கோடும் இனி வரும்.

g.co/recover என்பதை முகவரிப் பட்டையில் நீங்களே அடியுங்கள். முன்பு இந்த ஜிமெயிலைத் திறந்த கருவி வீட்டில் இருந்தால், பழைய லேப்டாப்போ டேப்லெட்டோ, அதிலிருந்து, வழக்கமான வீட்டு வைஃபையில் செய்யுங்கள். பழகிய கருவி, பழகிய இடம் என்றால் கூகுள் எளிதில் நம்பும். கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டு கேட்டால் பழையதாக இருந்தாலும் போடுங்கள், காலியாக விடாதீர்கள். தவறினால் உடனே உடனே முயலாதீர்கள், பூட்டு இன்னும் இறுகும். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

‘G-’ என்று தொடங்கி ஆறு இலக்கம் வரும் செய்திதான் கூகுளின் கோட். அந்த ஆளிடம் உங்கள் ஜிமெயில் முகவரியைச் சொல்லியிருந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே அவரும் இதே மீட்புப் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டிருக்கலாம். குறுஞ்செய்திகளைத் திறந்து, அந்த நேரத்தில் அப்படி ஏதாவது வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் இன்றே மீட்பை முடியுங்கள். அவர் மீட்பு எண்ணைத் தன் எண்ணாக மாற்றியிருந்தாலும், மாற்றிய 7 நாள் வரை உங்கள் பழைய எண்ணுக்கே கோட் அனுப்ப கூகுள் வாய்ப்புத் தரும். அதன்பின் அதுவும் கையை விட்டுப் போகும்.

இந்த இடைவெளியில் உங்களைத் தேடி இன்னொரு கூட்டம் வரும். இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் ‘அக்கவுண்ட் ரெக்கவரி’ என்று கடை போட்டிருப்பவர்கள், ‘என் கணக்கும் போனது, இந்த அண்ணன்தான் மீட்டுக் கொடுத்தார்’ என்று முகநூல் கமெண்டில் எழுதுபவர்கள் எல்லாரும் ஒரே வகை. நீங்கள் ஏமாந்ததைப் பொதுவில் எழுதினால் உடனே வருவார்கள். புகார் கொடுத்த சில நாளில் ‘சைபர் கிரைமிலிருந்து பேசுகிறேன், பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள்’ என்று போனும் வரும். போன பணத்தைத் திருப்பித் தர எந்தக் காவல் நிலையமும் கட்டணம் வாங்குவதில்லை. கூகுளின் பூட்டைத் திறக்கும் தனிச் சாவி வெளியாட்கள் எவரிடமும் இல்லை. அவர்களும் நீங்கள் பார்க்கும் அதே மீட்புப் பக்கத்தைத்தான் திறப்பார்கள், உங்களிடமே கோடைக் கேட்டு வாங்கி.

ஊர் மொபைல் கடைக்காரர் அந்த ரகம் இல்லை, நல்லெண்ணத்தில் செய்பவர்தான். ஆனாலும் அவசரத்தில் மீட்பு எண்ணாகத் தன் நம்பரையே போட்டுவிடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு கோடும் கடைக்குப் போகும். கடையில் செய்து வாங்கினால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் யாருடையவை என்று கடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள். அதே பக்கத்தில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலில் தெரியாத கருவி ஏதாவது இருந்தால் அங்கேயே வெளியேற்றிவிடுங்கள்.