மெஸ் பில்லில் கழிவு ஏன் இவ்வளவு குறைவு?

"என் மகள் புனேயில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஜூலையில் மெஸ் அட்வான்ஸ் 22,500 ரூபாயும் காஷன் டெபாசிட் 10,000 ரூபாயும் கட்டினோம். செப்டம்பர் பில் 4,500 ரூபாய். அந்த மாதம் கணபதி விடுமுறைக்கு ஒரு புதன்கிழமை காலை டெக்கான் குயீனில் கிளம்பி வந்தவள், அடுத்த செவ்வாய் இரவுதான் திரும்பினாள். மற்ற மூன்று சனி, ஞாயிறுகளும் வீட்டில்தான் இருந்தாள். மொத்தம் 13 நாள். ஆனால் அக்டோபர் பில்லில் 630 ரூபாய் மட்டுமே கழித்திருக்கிறார்கள். 1,950 ரூபாய் குறைந்திருக்க வேண்டாமா? படிப்புச் செலவில் பாதியை என் அண்ணன் தருகிறார். அவருக்குக் காட்டும் கணக்கு நோட்டில் எந்தத் தொகையை எழுதுவது?"
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

நீங்கள் இணைத்திருந்த ஐந்து பில்களையும், ஜனவரியில் கட்டச் சொல்லி வந்த அறிவிப்பையும் பார்த்தேன். விடுதி உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் பில்லைப் பார்ப்பவருக்கு எதுவும் புரிந்துவிடக் கூடாது என்று நினைத்து அச்சடித்ததைப் போலத்தான் அது இருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற ஒரே ஒரு வரியைச் சேர்த்திருந்தால் இந்தக் கடிதத்திற்கே வேலை இருந்திருக்காது.

நீங்கள் 4,500 ரூபாயை 30 நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்து, அதை 13 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். பெரும்பாலான பெற்றோர் செய்வது இதைத்தான். ஆனால் மெஸ் பில் என்பது இரண்டு செலவுகளின் கூட்டு. சமையல்காரர் சம்பளம், மின்சாரம், பாத்திரம், துப்புரவு ஆகியவற்றிற்காக ஒவ்வொரு மாணவரிடமும் மாதாமாதம் வாங்கும் நிலையான தொகை ஒன்று. அதை எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் என்பார்கள். அரிசி, காய்கறி, பால் என்று தட்டில் விழும் சாப்பாட்டிற்கு நாள் கணக்கில் போடும் தொகை மற்றொன்று. உங்கள் மகள் வீட்டிலிருந்தாலும் சமையல்காரருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதால், கழிவு எப்போதும் இரண்டாவது தொகையில் மட்டுமே கிடைக்கும்.

உங்கள் பில்லில் இவை தனித்தனியாக இல்லை, இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆகஸ்ட் பில் 4,605 ரூபாய், செப்டம்பர் பில் 4,500 ரூபாய். இரண்டிலும் கழிவு எதுவும் இல்லை. ஒன்றுக்கு 31 நாள், மற்றொன்றுக்கு 30 நாள் என்பதுதான் வேறுபாடு. ஆகவே அந்த ஒரு நாளின் விலையான 105 ரூபாய்தான் ஒரு நாள் சாப்பாட்டுத் தொகை. 30 நாளுக்கு அது 3,150 ரூபாய். மீதமுள்ள 1,350 ரூபாய் நிலையான கட்டணம். இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்பு விருந்தினர் சாப்பாடு, முட்டை, சிறப்பு விருந்து என்று தனியாகச் சேர்த்த தொகை இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் டிவைடிங் சிஸ்டம் நடத்தும் விடுதிகளில், மாத முடிவில் மொத்தச் செலவைச் சாப்பிட்ட நாள்களுக்கு வகுப்பதால் வீதமே மாதத்துக்கு மாதம் மாறும். அங்கே இந்த வழி பயன்படாது.

இப்போது 630 ரூபாயை 105 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதம் இல்லாமல் 6 நாள் வரும். பதின்மூன்று எப்படி ஆறானது என்பதை விடுதியின் விதிகளில்தான் தேட வேண்டும். தொடர்ச்சியாகக் குறிப்பிட்ட நாள்கள், பல இடங்களில் மூன்று அல்லது நான்கு நாள்கள், வெளியே இருந்தால்தான் கழிவு உண்டு என்பது பல விடுதிகளில் உள்ள விதி. சனி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. பாலுக்கும் காய்கறிக்கும் முன்கூட்டியே ஆள் எண்ணிக்கை சொல்லிவிடுகிறார்கள், இரண்டு நாளுக்காக அதை மாற்ற முடியாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். மும்பையிலிருந்து புனேக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்கு இதனால் ஆண்டு முழுவதும் நஷ்டம்தான். ஆனாலும் சேரும்போது கையெழுத்திட்ட விதி அது. எனவே அந்த 6 நாள்கள் போய்விட்டன. மீதமுள்ள 7 நாளில் கிளம்பிய நாளைச் சேர்ப்பதில்லை. காலை ஏழேகால் மணி ரயிலைப் பிடிக்க உங்கள் மகள் அன்று காலைச் சிற்றுண்டிகூடச் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்பது எனக்கும் தெரிகிறது. பதிவேட்டுக்கு அது தெரியாது. செவ்வாய் இரவு மெஸ் மூடிய பிறகு போய்ச் சேர்ந்ததால் அந்த நாள் கழிவில் சேர்ந்திருக்கிறது. ஆக 6 நாள்.

நீங்கள் எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு 1,320 ரூபாய். கணக்கில் வராத 7 நாளுக்கு உங்கள் கணக்குப்படி 1,050 ரூபாய். கணக்கில் வந்த 6 நாளுக்கு, 150 இலிருந்து 105 ஆகக் குறைந்த 45 ரூபாய் வீதம், 270 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 1,320 ரூபாய் சரியாக வந்துவிடும். இந்த இரண்டு வரிகளை அப்படியே நோட்டில் எழுதி அண்ணனிடம் காட்டுங்கள். அதற்கு மேல் அவர் கேட்க ஒன்றும் இருக்காது.

விடுமுறைக்கு முன்பே கழிவுப் படிவம் கொடுக்க வேண்டும் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு வார்டனோடு சண்டை போடுகிறார்கள். திடீரென உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், முன்கூட்டியே படிவம் கொடுக்க யாராலும் முடியாது. அப்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு பிறகு விண்ணப்பித்தால் பல விடுதிகள் கழிவு தருகின்றன. ஆனால் காய்ச்சலோடு விடுதி அறையிலேயே படுத்திருந்த நாள்களுக்கு இது பொருந்தாது, மருத்துவர் சீட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பொருந்தாது. மெஸ்ஸிலிருந்து கஞ்சியோ பாலோ அறைக்குப் போயிருந்தால் அது சாப்பிட்ட நாள்தான். மருத்துவமனையிலிருந்து நேராக வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால், வீட்டிலிருந்த நாள்களுக்குத் தனியாக மின்னஞ்சல் ஒன்று அன்றே போய்விட வேண்டும். தொலைபேசியில் சொன்னேன் என்பதை எந்தக் கணக்கரும் ஏற்க மாட்டார்.

இனி நோட்டுக்கு வருவோம். 630 ரூபாய் அக்டோபர் பில்லில் கழிந்திருந்தாலும் அது செப்டம்பர் சாப்பாட்டுக்கு உரியது. ஆகவே செப்டம்பர் செலவு 3,870 ரூபாய் என்றும், அக்டோபர் செலவு பில்லில் உள்ள 3,975 ரூபாய் அல்ல, 4,605 ரூபாய் என்றும் எழுதுங்கள். நவம்பரில் தீபாவளிக்காக மெஸ்ஸையே 10 நாள் மூடிவிட்டார்கள். அது கழிவு அல்ல, அந்த நாள்களுக்குச் சாப்பாட்டுத் தொகையே போடவில்லை. அதனால் 20 நாளுக்கு 2,100 ரூபாயும் நிலையான 1,350 ரூபாயும் சேர்ந்து 3,450 ரூபாய். டிசம்பரில் 15 நாள்தான் மெஸ் நடந்தது, நிலையான கட்டணமோ முழு மாதத்துக்கும் உண்டு. அது 2,925 ரூபாய். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மொத்தம் 19,455 ரூபாய். உங்கள் மகளின் அரையாண்டுச் சாப்பாட்டுச் செலவு இதுதான். ஜூலையில் வங்கியிலிருந்து போன 22,500 ரூபாய் செலவே அல்ல, வெறும் முன்பணம்.

மீதமுள்ள 3,045 ரூபாயை விடுதி கையில் தராது. அடுத்த அரையாண்டு அட்வான்ஸ் 24,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அதில் இந்த மீதியைக் கழித்துத்தான் உங்களிடம் 20,955 ரூபாய் கேட்கிறார்கள். பாஸ்புக்கை மட்டும் பார்த்து எழுதினால், கட்டணம் கூடிய அரையாண்டில் செலவு குறைந்ததாகத் தெரியும். ஜூலையில் அண்ணன் 11,250 ரூபாய் தந்திருந்தால், அவருடைய பங்கு 9,727 ரூபாய் 50 காசுதான். 1,522 ரூபாய் 50 காசு அவர் பெயரில் இருப்பாக நிற்கிறது. அந்த இருப்பு ஜனவரி அறிவிப்பில் ஏற்கெனவே கழிந்துவிட்டதால், இருவரும் ஆளுக்கு 10,477 ரூபாய் 50 காசு கட்டினால் போதும். மறுபடியும் கழித்துவிடாதீர்கள். டெபாசிட் 10,000 ரூபாயைச் செலவுப் பக்கத்தில் எழுதவே கூடாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் வர வேண்டிய பணம் என்று எழுதி, ரசீதை அங்கேயே ஒட்டி வையுங்கள். படிப்பு முடியும்போது மூல ரசீது இல்லை என்று சொல்லி அலைய வைப்பது இந்த அலுவலகங்களின் வழக்கம்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும். கடிதத்தோடு வந்த தாள்களில், கல்லூரிக் கட்டணம், விடுதி வாடகை, மெஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி வட்டமிட்டு, பக்கத்தில் '80சி' என்று யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். அது உங்கள் குடும்பத்தினர் எழுதியதல்ல என்று நினைக்கிறேன். ஜூலை மாதம் வந்தால் வருமான வரி ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டு தாராவியிலும் சயானிலும் செம்பூரிலும் சிலர் வீடு வீடாக வருகிறார்கள். படிப்புச் செலவு எல்லாவற்றுக்கும் வரிவிலக்கு என்பது அவர்கள் கட்டிவிடும் கதை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும், முழுநேரப் படிப்பின் டியூஷன் கட்டணம் மட்டும், மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் வரம்புக்குள் கழியும். மெஸ்ஸும் வாடகையும் டெபாசிட்டும் அதில் ஒரு ரூபாய்கூடச் சேராது. என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படி வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டியது. பொய்யான விவரம் என்று துறை முடிவு செய்துவிட்டால் அபராதம் வரியைப்போல இரு மடங்கு வரை போகும். அப்போது அந்தச் சதவீதக்காரர் தொலைபேசியை எடுக்க மாட்டார், நோட்டீஸ் உங்கள் கணவரின் பெயருக்குத்தான் வரும்.

ஆகவே நோட்டில் டியூஷன் கட்டணத்துக்கென்று தனிப் பத்தி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். பல கல்லூரிகளின் ஆன்லைன் ரசீதில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். பிரித்துக் காட்டும் சான்றிதழைக் கல்லூரிக் கணக்குப் பிரிவில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். விடுதி அலுவலகத்திலிருந்து உங்கள் மகளின் மெஸ் லெட்ஜர் நகல் ஒன்றையும் ஜனவரித் தொகையைக் கட்டுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்; அதன் கடைசி வரியில் 3,045 என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.