புறத்தேர்வாளர் வராவிட்டால் வைவா என்ன ஆகும்? நெறியாளருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: நான் தேவகோட்டையைச் சேர்ந்தவள். 2020-இல் பிஎச்.டி. பதிவு செய்து, ஆய்வேட்டை 2025 பிப்ரவரி 3 அன்று சமர்ப்பித்தேன். ஜூலை 14-இல் வைவா என்று அறிவிப்பும் வந்துவிட்டது. இப்போது வெளியூர்த் தேர்வாளர் வர இயலாது என்று கைடு போனில் சொல்கிறார். "தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி நீயே ஒரு மெயில் போட்டுவிடம்மா" என்கிறார். வீட்டில் அப்பத்தாவோ, "எப்படியும் தள்ளுகிறது, ஆடி கழியட்டும்" என்கிறார். நான் விண்ணப்பிக்க இருக்கும் கல்லூரி வேலைக்கு ஆகஸ்ட் 20 கடைசி நாள். மெயிலை எப்படி எழுதுவது? பின்னால் இது எனக்கே பாதகமாகிவிடுமா?

பதில்: வராதவர் யார் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் 2020-இல் பதிவு செய்தவர் என்பதால் உங்களுக்குப் பொருந்துவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிமுறை. அதன்படி வைவாவை நடத்துபவர்கள் நெறியாளரும், ஆய்வேட்டை மதிப்பிட்ட இரண்டு புறத்தேர்வாளர்களில் குறைந்தது ஒருவரும். ஆய்வுக்குழு உறுப்பினர்களும் துறை ஆசிரியர்களும் மற்ற ஆய்வாளர்களும் வந்து அமரலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் அந்த விதிமுறை அவர்களைத் தேர்வாளர்களாக வைக்கவில்லை. அவர்களில் ஒருவர் வராததற்காகத் தேதியை மாற்ற வேண்டுமானால், உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி அவர் இருந்தே தீர வேண்டும் என்று சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் வராதவர் புறத்தேர்வாளர். அவருக்குப் பதில் ஒருவர் இல்லாமல் வைவா நடந்தால் அது செல்லாது. ஆகவே ஏற்பாட்டை மாற்றத்தான் வேண்டும்.

"குறைந்தது ஒருவர்" என்ற சொற்கள் உங்களுக்குச் சாதகமானவை. ஒருவர் வர இயலாவிட்டால், உங்கள் ஆய்வேட்டைப் படித்து அறிக்கை கொடுத்த இன்னொருவரை அழைக்கப் பல்கலைக்கழகத்துக்கு வழி இருக்கிறது. அழைப்பது தேர்வாணையரின் வேலை. நீங்கள் எந்தத் தேர்வாளரையும் நேரடியாகத் தொடர்புகொள்ளாதீர்கள், நலம் விசாரிப்பதற்குக்கூட வேண்டாம். தேர்வின் நடுநிலை பற்றி யாரும் பிறகு விரல் நீட்ட அது இடம் கொடுக்கும்.

அடுத்தது, யார் பெயரில் தள்ளிவைப்பு என்பது. ஆய்வேடு சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிய வேண்டும் என்கிறது அதே விதிமுறை. அந்தப் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது. "என் வேண்டுகோளின்பேரில் தள்ளிவைக்க வேண்டுகிறேன்" என்று நீங்கள் எழுதிவிட்டால், நாளைக்குத் தாமதம் பற்றிப் பேச்சு வரும்போது கோப்பில் இருக்கும் ஒரே காகிதம் உங்கள் மெயிலாகத்தான் இருக்கும். கைடு கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், வழக்கமாக இப்படித்தான் நடக்கிறது. அவர் சொன்னபடி மெயில் போடுங்கள். ஆனால் காரணம் தேர்வாளர் வராதது என்றும், அதைத் தெரிவித்தவர் நெறியாளர் என்றும் மெயிலே சொல்ல வேண்டும். தேர்வாளரின் உடல்நிலை, சொந்தக் காரணம் எதையும் எழுதாதீர்கள். "வர இயலாத நிலை" என்பதே போதும்.

ஆறு மாதக் கணக்கைப் பாருங்கள். பிப்ரவரி 3-இல் தொடங்கினால் ஆகஸ்ட் 3-இல் முடிகிறது. அன்று ஞாயிறு, ஆடிப்பெருக்கும்கூட. முந்தைய நாள் சனிக்கிழமை. எனவே கைக்கு எட்டும் கடைசி வேலைநாள் ஆகஸ்ட் 1. ஆடி கழிவது ஆகஸ்ட் 16-இல். அப்பத்தா சொல்வதைக் கேட்டால் ஆறு மாதமும் கடந்துவிடும், வேலை விண்ணப்பத்துக்கும் மூன்றே வேலைநாள் மிஞ்சும். விளம்பரத்தில் வேறு நாள் குறிக்காவிட்டால், விண்ணப்பத்தின் கடைசி நாளில் தகுதி கையில் இருக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் பின்பற்றும் பொது விதி. வைவா முடிந்த பிறகும் தற்காலிகச் சான்றிதழ் வரச் சில நாள் பிடிக்கும். வைவா சுபகாரியம் அல்ல, தேர்வு. ஆடியில் நடத்தலாம் என்று வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

மெயிலை நெறியாளரின் பல்கலைக்கழக முகவரிக்கு அனுப்பி, தேர்வாணையருக்கும் துறைத்தலைவருக்கும் நகல் போடுங்கள். முகவரி ஏன் முக்கியம் என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13-இன்படி, பெறுநர் குறித்துக் கொடுத்த முகவரிக்குப் போன மெயில் அங்கே நுழைந்த கணமே கிடைத்ததாகும். அவர் குறித்த முகவரி இருக்க வேறொன்றுக்கு அனுப்பினால், அவர் அதைத் திறந்து எடுத்தால்தான் கிடைத்ததாகக் கணக்கு. வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

வாசகம் இப்படி இருக்கட்டும்:

பொருள்: 14.07.2025 வாய்மொழித் தேர்வு – புறத்தேர்வாளர் வர இயலாமை – புதிய தேதி வேண்டுதல் – பதிவு எண் ______

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

14.07.2025 அன்று நடைபெற இருக்கும் என் வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளர் வர இயலாத நிலையில் உள்ளார் என்று தாங்கள் இன்று தொலைபேசியில் தெரிவித்தீர்கள். அன்று தேர்வில் பங்கேற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

என் ஆய்வேடு 03.02.2025 அன்று சமர்ப்பிக்கப்பட்டது. மதிப்பீட்டுக்கான ஆறு மாதக் காலம் 03.08.2025-இல் நிறைவடைகிறது. எனவே 24.07.2025, 28.07.2025, 30.07.2025 ஆகிய நாட்களில் ஒன்றில் தேர்வை நடத்திட வேண்டுகிறேன். அந்நாட்களிலும் அவரால் வர இயலாதெனில், அவர் காணொலி வழியாகப் பங்கேற்கவோ, ஆய்வேட்டை மதிப்பிட்ட மற்றொரு புறத்தேர்வாளரைக் கொண்டு தேர்வை நடத்தவோ தேர்வாணையரின் ஒப்புதலைப் பெற்றுத்தருமாறு வேண்டுகிறேன்.

20.08.2025-ஐக் கடைசி நாளாகக் கொண்ட பணி விண்ணப்பம் ஒன்றுக்கு இத்தேர்வின் முடிவு தேவைப்படுகிறது, விளம்பரத்தை இணைத்துள்ளேன். 14.07.2025 தேர்வு நடைபெறுமா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(பெயர், பதிவு எண், துறை)

மூன்று நாட்களைக் குறித்ததற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு நாளைக் கேட்டால் "அன்று முடியாது" என்ற ஒரு வரியோடு கோப்பு நின்றுவிடும். நாளே குறிக்காவிட்டால் அது யார் மேசையிலும் நகராது. வெளியூரிலிருந்து காரைக்குடிப் பக்கம் வருபவருக்கு ரயில் டிக்கெட்டும் தங்கும் அறையும் ஏற்பாடு செய்ய வேண்டும். பொது வைவா என்பதால் தேதி மாறினால் அறிவிப்பைப் புதிதாக வெளியிடவும் வேண்டும். அதனால்தான் முதல் நாளைப் பத்து நாள் தள்ளி வைத்தேன். காணொலிக்குத் தேர்வாணையரின் எழுத்து ஒப்புதல் கட்டாயம் வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை இணையவழி வைவாவை வெளிப்படையாக அனுமதிக்கிறது, ஆனால் அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிமுறையே தொடர்கிறது. கைடு தம் மடிக்கணினியில் அழைப்பைப் போட்டு முடித்துவிட்டால், பின்னால் அதைச் செல்லாது என்று சொல்ல இடம் இருக்கும்.

எழுத்தில் ரத்து வரும்வரை ஜூலை 14 அப்படியே நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். ரத்து அப்படி வராவிட்டால், அன்று ஆய்வேட்டுப் பிரதியோடும் விளக்கப்படங்களோடும் துறைக்குப் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். பதிவேடு இல்லாவிட்டால், "வந்து காத்திருந்தேன்" என்று அங்கிருந்தே துறைத்தலைவருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். இதைச் செய்யாவிட்டால், தேர்வாளர் வராத நாளில் "ஆய்வாளர் வரவில்லை" என்ற குறிப்பு விழ வாய்ப்பு உண்டு. அதை நீக்குவது பெரும்பாடு.

ஐந்து வேலைநாளில் பதில் இல்லையென்றால், அதே மெயிலின் தொடர்ச்சியாக ஒரு நினைவூட்டலைத் தேர்வாணையருக்கு நேராகவும், விரைவுத் தபாலில் ஒரு பிரதியும் அனுப்புங்கள். ஜூலை இறுதிவரை தேதி தரப்படாவிட்டால் மாணவர் குறைதீர் குழுவில் மனுக் கொடுக்கலாம். மாணவர் குறைதீர்ப்புக்கான மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி அது 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் 15 நாளுக்குள் குறைதீர்வாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வேலையே பறிபோகும் நிலை வந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், தேதி குறிக்க உத்தரவிடக் கோரி ரிட் மனு தாக்கல் செய்யலாம். அங்கே நீதிபதி முதலில் கேட்பது, "பல்கலைக்கழகத்திடம் கேட்டீர்களா, எப்போது கேட்டீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். இன்று அனுப்பும் மெயிலை நீக்காமல், தலைப்பு விவரங்கள் முழுவதும் தெரியும்படி பிரதி எடுத்து வையுங்கள்.