மலப் பரிசோதனைப் படங்கள்: முட்டையா, சிஸ்ட்டா, காற்றுக்குமிழியா? (கேள்வி பதில்)

மாதிரித் தயாரிப்பு பற்றியும், அனுப்பிய ஸ்லைடு படங்கள் பற்றியும் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

லேப் டெக்னாலஜி மாணவி: சார், சலைன் ஸ்லைடில் நெளியும் லார்வாக்கள் கிடைத்தன. புழு முட்டை ஒன்றுகூட இல்லை. மாதிரி நேற்றுக் காலை வந்தது, இன்று மதியம்தான் பார்க்க முடிந்தது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் குடல்புழு என்று எழுதலாமா?

இப்போதைக்கு எழுத வேண்டாம். மாதிரி ஒரு நாளுக்கு மேல் வெளியில் இருந்திருக்கிறது, சிக்கலே அதுதான்.

கொக்கிப்புழு முட்டை மலத்தோடு வெளியேறும்போது அதற்குள் பொதுவாக 4 முதல் 8 செல்கள்தான் இருக்கும். சுமார் 60 மைக்ரான் நீளம், மெல்லிய ஓடு, ஓட்டுக்கும் செல்களுக்கும் நடுவே ஒரு தெளிவான இடைவெளி. வெதுவெதுப்பான அறையில் விட்டுவைத்தால் செல்கள் பிரிந்துகொண்டே போய், ஒன்றிரண்டு நாளில் லார்வாவாகி ஓட்டை விட்டு வெளியே வந்துவிடும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் அப்படி இல்லை. அதன் முட்டை குடலிலேயே பொரிந்துவிடுவதால், அப்போதுதான் எடுத்த மலத்திலும் லார்வாவைத்தான் பார்ப்போம். எனவே ஒரு நாள் பழைய மாதிரியில் லார்வா இருந்தால் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

கவர் ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நெளிவது நின்றதும் 40 எக்ஸில் தலைப்பக்கம் பாருங்கள். வாயிலிருந்து உள்ளே போகும் குழாய் நீளமாகத் தெரிந்தால் கொக்கிப்புழு, இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவுக்குக் குட்டையாக இருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். அடுத்து உடலின் நடுப்பகுதியில் இனப்பெருக்க உறுப்பின் மொட்டைத் தேடுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டிஸில் அது பெரிதாகத் தெரியும், கொக்கிப்புழுவில் கண்ணில் படுவதே கடினம்.

நீங்கள் அனுப்பிய படம் 10 எக்ஸில் எடுத்தது. தலைப்பக்கம் மங்கலாக இருப்பதால் என்னால் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. ஸ்லைடை இன்னொரு முறை முழுக்கத் தேடுங்கள். மடங்கிய லார்வாவோடு ஒரு முட்டையாவது கிடைத்தால் கொக்கிப்புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எதுவாக இருந்தாலும் புது மாதிரி கேட்டு வாங்குங்கள். இதில் தவறினால் விளைவு பெரிது. கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் போதும், ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து. அது உள்ளே இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் லார்வாக்கள் பெருகி உடல் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதே மாணவி: ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் சரியாகியிருக்குமா?

முட்டை பொரிவது நின்றிருக்கும். ஆனால் அது வயிற்றுப்போக்கு மாதிரியாக இருந்தால் குளிரில் அமீபாவின் அசைவு போய்விடும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் லார்வாவுக்கும் குளிர் ஆகாது. நீர்த்த மலத்தை அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கெட்டியான மலம் அன்றைக்குள் பார்க்கப்பட்டால் போதும், ஃப்ரிட்ஜ் அதற்குத்தான்.

ஒரு வாசகர்: மாதிரித் தயாரிப்பு என்கிறீர்களே, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டுமா? முதல் நாள் என்ன சாப்பிடக்கூடாது?

நான் சொல்வது லேபில் ஸ்லைடு போடும் தயாரிப்பை. ஆனாலும் உங்கள் பக்கமும் கொஞ்சம் வேலை இருக்கிறது. வெறும் வயிறு தேவையில்லை. சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலக்கக்கூடாது. சிறுநீர் அமீபாவைக் கொன்றுவிடும், தண்ணீரில் இருக்கும் வேறு உயிரிகள் ஸ்லைடில் வந்து எங்களைக் குழப்பும். பேரியம் எக்ஸ்ரே எடுத்திருந்தாலோ சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில நாளோ சில வாரமோ தள்ளிப்போடச் சொல்வார்கள். ஒரே ஒரு மாதிரியில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை நம்பி உட்கார வேண்டாம். அமீபா போன்றவற்றின் உறை போர்த்திய வடிவமான சிஸ்ட் தினமும் வெளியேறுவதில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மாதிரி கேட்பது அதனால்தான்.

லேப் டெக்னீஷியன் ஒருவர்: அயோடின் போட்டாலே சிஸ்ட் பளிச்சென்று தெரிகிறது. சலைன் எதற்கு, நேரம்தானே வீண்? என் படத்தைப் பாருங்கள். வட்டம், பழுப்பு நிறம், 12 மைக்ரான் இருக்கும். நோய் தரும் அமீபாவான எண்டமீபா ஹிஸ்டாலிடிகாவின் சிஸ்ட்தானே?

பாதி சரி. சிஸ்ட்டின் உட்கருவைப் பார்க்க அயோடின் நல்லது. ஆனால் அது பட்டதும் அமீபாவின் அசையும் வடிவமான ட்ரோஃபோசாயிட் செத்துவிடும், ஊர்ந்து போவதைப் பார்க்கவே முடியாது. சிஸ்ட்டுக்குள் இருக்கும் குரோமாட்டாய்டு கட்டைகளும் சலைனில்தான் மினுங்கித் தெரியும். அவற்றின் முனை மழுங்கியிருந்தால் ஹிஸ்டாலிடிகா வகை, சிதறிய மரச்சிராய் மாதிரி இருந்தால் எண்டமீபா கோலை. எனவே ஒரே ஸ்லைடில் இரண்டு சொட்டு வையுங்கள், சலைனை முதலில் பாருங்கள். மலம் தீக்குச்சி முனையளவு போதும். ஸ்லைடை அச்சடித்த தாள்மேல் வைத்தால் எழுத்து படிக்க வரவேண்டும்.

உங்கள் படத்தில் எழுத்து வந்திருக்காது என்று நினைக்கிறேன், பின்னணி அவ்வளவு அடர்த்தி. 12 மைக்ரான் "இருக்கும்" என்பதும் போதாது, ஐபீஸ் அளவுகோலை அளவீடு செய்து அளக்க வேண்டும். ஓரம் தடித்துக் கறுத்து, உள்ளே எதுவும் இல்லாமல் இருந்தால் காற்றுக்குமிழி. அளவு சிறிதாக, மொட்டு விட்டிருந்தால் ஈஸ்ட். சீழ் செல்லின் ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், உட்கரு செல்லின் அளவுக்குப் பெரிதாகத் தெரியும். சிஸ்ட்டுக்கு வழவழப்பான சுவர் உண்டு. உட்கருக்கள் வேறுவேறு ஆழத்தில் இருப்பதால் ஃபோகஸை மெல்லத் திருகினால் ஒவ்வொன்றாக வந்து மறையும். முற்றிய சிஸ்ட்டில் நான்கு வந்தால் ஹிஸ்டாலிடிகா வகை, எட்டு வந்தால் கோலை. இதை ஒற்றைப் புகைப்படத்தில் எண்ண முடியாது. ஃபோகஸ் திருகும்போதே வீடியோ எடுத்து அனுப்புங்கள், அதுவரை இது வெறும் வட்டம்தான்.

இன்னொரு வாசகர்: என் ரிப்போர்ட்டில் "ஹிஸ்டாலிடிகா சிஸ்ட் உள்ளது" என்று இருக்கிறது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மாத்திரை சாப்பிடணுமா?

அந்த வரியை மைக்ரோஸ்கோப்பை மட்டும் வைத்து யாராலும் உறுதியாக எழுத முடியாது. நோய் தராத எண்டமீபா டிஸ்பாரின் சிஸ்ட்டும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். 1993-லேயே இரண்டும் வேறு இனம் என்று பிரித்துவிட்டார்கள், ரிப்போர்ட் எழுதும் பழக்கம்தான் மாறவில்லை. ஆன்டிஜென் அல்லது பிசிஆர் பரிசோதனை செய்ய முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உண்மையிலேயே ஹிஸ்டாலிடிகா என்றால் தொந்தரவு இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. அப்போதும் மெட்ரோனிடசோல் மட்டும் போதாது, குடலுக்குள் இருக்கும் சிஸ்ட்டுக்கு டைலோக்ஸனைடு, பாரமோமைசின் போன்றவை தனியாகத் தேவை. மாத்திரையை நீங்களே வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

புழுத்தொற்று கணக்கெடுப்பில் வேலை செய்பவர்: கேட்டோ-கட்ஸ் ஸ்லைடில் காலையில் கொக்கிப்புழு முட்டை 6 எண்ணினேன். மாலையில் மேற்பார்வையாளர் அதே ஸ்லைடைப் பார்த்து ஒன்றும் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

நீங்கள்தான். முட்டை எண்ணும் இந்த முறையில் சேர்க்கும் கிளிசரின் மலத்தைத் தெளிவாக்கும்போது கொக்கிப்புழுவின் மெல்லிய ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எண்ண வேண்டும். தடித்த ஓடு உள்ள உருளைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் மாலையிலும் இருக்கும், அவருக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான். மலம் அளக்கும் டெம்பிளேட் 41.7 மில்லிகிராம் என்றால் உங்கள் எண்ணிக்கையை 24-ஆல் பெருக்குங்கள், ஒரு கிராமுக்கு 144 முட்டை. தாளில் எண்ணிக்கையோடு ஸ்லைடு போட்ட நேரத்தையும் பார்த்த நேரத்தையும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னாலஜிஸ்ட்: ஃப்ரிட்ஜ், நேரம் என்றெல்லாம் எதற்கு? வந்தவுடன் 10 சதவீத ஃபார்மலினில் போட்டால் எல்லாக் குழப்பமும் தீர்ந்ததே.

அந்த மாணவியின் குழப்பம் தீர்ந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். மூன்று பங்கு ஃபார்மலினில் ஒரு பங்கு மலத்தைக் கலக்கி வைத்தால் கொக்கிப்புழு முட்டை அப்படியே நிற்கும். (உருளைப்புழு முட்டை ஃபார்மலினுக்குள்ளேயே வளரும், அதன் பிடிவாதம் தனி.) ஆனால் அமீபாவின் அசைவு கிடைக்காது, மேலே சொன்ன வாசகருக்கு பிசிஆர் செய்வதும் சிரமமாகிவிடும். மாதிரியைப் பிரித்து ஒரு பங்கை மட்டும் ஃபார்மலினில் போடலாம் என்பது என் கட்சி. கூட்டமான லேபில் அது நடக்காது என்பீர்கள், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.