வாரக் கூலியில் பிடித்தம்: எதற்குப் பிடித்தார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: கட்டட வேலைக்குப் போகிறேன். வாரக் கணக்கு முடிக்கும்போது நான் நினைத்ததைவிடக் குறைவாகவே கையில் வருகிறது. கேட்டால் "பிடித்தம் போக இவ்வளவுதான்" என்கிறார் மேஸ்திரி. எதற்குப் பிடித்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சித்தாளாக இருந்தேன், அப்புறம் சில வருஷம் ஒரு கான்ட்ராக்டருக்கு ஆள் கணக்கு நோட்டும் எழுதினேன். அந்த நோட்டை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "எனக்கு எத்தனை ஆள் போட்டிருக்கீங்க?" என்று முதலில் கேளுங்கள். நோட்டில் ஒரு ஆள் என்றால் ஒரு முழு நாள் வேலை. குறைகிற பணத்தில் பெரும்பகுதி பிடித்தமே இல்லை. வருகைக் கணக்கிலேயே குறைந்துவிடுகிறது. அதைத்தான் மொத்தமாகப் 'பிடித்தம்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சித்தாளாக இருந்தபோது எனக்கு நடந்த ஒரு வாரத்தைச் சொல்கிறேன். கணக்கு புரிவதற்காக ஒரு நாள் கூலியை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளும் வேலைக்குப் போனேன். புதன்கிழமை கான்கிரீட் போட்டதால் இரவு வரை நின்றேன், கூடுதலாக நான்கு மணி நேரம். அதற்கு அரை ஆள் என்பது ஏற்கெனவே பேசிய பேச்சு. ஆக ஆறரை ஆள், 650. நடுவில் இரண்டு தடவை முன்பணம் வாங்கியிருந்தேன், மொத்தம் 150. கைக்கு 500 வர வேண்டும். 400 வந்தது.

நோட்டைக் காட்டச் சொன்னேன். வியாழக்கிழமைக்கு நேரே அரை ஆள் என்று இருந்தது. அன்று மணல் லோடு வரத் தாமதம். நாங்கள் காலையிலேயே வந்து காத்திருந்தோம், கலவை போட ஆரம்பித்ததே பதினொரு மணிக்கு. அதில் 50 போனது. கான்கிரீட் இரவுக்கு அரை ஆளுக்குப் பதில் கால் ஆள், அதில் 25. இந்த இரண்டும் வருகைக் கணக்கு. மீதி 25 மட்டும்தான் உண்மையான பிடித்தம்: கலவைச் சட்டி ஒன்று காணாமல் போனதாம், எங்கள் நான்கு பேர் மேலும் ஆளுக்கு 25 போட்டிருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்தால் ஒரு முழு நாள் கூலி. அந்தச் சட்டியோ அதில் பாதி விலைகூட வராது.

இப்படிப் பிரித்த பிறகுதான் பேச முடிந்தது. மணல் வராதது எங்கள் தவறில்லை, நாங்கள் வேலைக்குத் தயாராக அங்கேயே இருந்தோம். வந்த நேரத்தை அன்றன்றே குறித்து வைத்திருந்ததால் அந்த அரை ஆள் திரும்பக் கிடைத்தது. கான்கிரீட் இரவுக்கும் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். சட்டிக் காசு வரவில்லை. யார் கையில் இருந்து தொலைந்தது, என்ன விலை என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை, இருந்தும் கொடுக்கவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் உங்களிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். தினமும் வந்த நேரம், போன நேரம், வாங்கிய முன்பணம், இவ்வளவு போதும். முன்பணத்தைக் கை மாறிய உடனே எழுதிவிடுங்கள், கொடுத்தவர் கையெழுத்து போட்டால் இன்னும் நல்லது. ஒரே முன்பணத்தை இந்த வாரமும் கழித்து, 'பழைய பாக்கி' என்று அடுத்த வாரமும் கழிப்பதை நானே பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று செய்தவர்களும் உண்டு, நோட்டு மாறும்போது அடிக்க மறந்தவர்களும் உண்டு. போன வாரப் பாக்கி எவ்வளவு, இந்த வாரம் கழித்தது எவ்வளவு, இன்னும் நிற்பது எவ்வளவு என்று மூன்று எண்ணையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது எண்ணைச் சொல்லத் தயங்கினால் அங்கேதான் சிக்கல்.

சில இடங்களில் ஆளைக் கூட்டிவந்த மேஸ்திரி தலைக்கு இவ்வளவு என்று தினக்கூலியில் எடுத்துக்கொள்வார். அது எந்த நோட்டிலும் இருக்காது. பேசிய நாள் கூலி ஒன்று, கணக்கு முடிக்கும்போது ஆளோடு பெருக்குகிற கூலி வேறு என்று இருந்தால் இதுதான் காரணம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் கொண்டுவந்த கூலிப் பாதுகாப்பு உடன்படிக்கை இதை நேராகவே தடுக்கிறது: வேலை கிடைப்பதற்காகவோ வேலையில் நீடிப்பதற்காகவோ முதலாளிக்கோ இடைத்தரகருக்கோ போகும்படி கூலியில் கழிக்கக் கூடாது. அந்த உடன்படிக்கையை உங்கள் நாடு ஏற்றிருக்கிறதா, உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆள் ஓடிவிடக் கூடாது என்று முதல் வாரக் கூலியில் கொஞ்சத்தை நிறுத்தி வைப்பார்கள். அதைப் பிடித்தம் என்று சொல்ல மாட்டார்கள், கடைசியில் தருவதாகச் சொல்வார்கள். வேலை முடிந்து எல்லோரும் அடுத்த கட்டடத்துக்குப் போன பிறகு அதை வாங்குவது பெரும்பாடு. நிறுத்தி வைத்த தொகையையும் நோட்டில் தனி வரியாக எழுதி, அந்த வாரமே மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.